அப்பாவின் எண்ணை மீட்கக் கடிதம்: கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். அப்பா பக்கவாதத்தால் இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தார். அவருடைய ப்ரீபெய்டு எண்ணுக்கு டாப்-அப் போட யாருக்கும் நினைவில்லை, காலாவதியாகித் துண்டித்துவிட்டார்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ஊரில் அத்தைக்கு மனப்பாடமான ஒரே எண்ணும் அதுதான்.

நிறுவனத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “என் தந்தை மார்ச் 3 முதல் மே 6 வரை மருத்துவமனையில் இருந்ததால் டாப்-அப் செய்ய இயலவில்லை. முதலில் இந்த எண்ணை வேறு யாருக்கும் ஒதுக்காமல் நிறுத்தி வையுங்கள். பிறகு அவர் பெயரிலேயே மீண்டும் இயக்கித் தாருங்கள்.”

கடைசி டாப்-அப் ரசீதையும் டிஸ்சார்ஜ் கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். அதில் நோய் விவரத்தை மறைத்துவிட்டு, பெயரும் தேதிகளும் மட்டும் தெரியவிட்டேன்.

அப்பாவுக்கு வலது கை இன்னும் சரியாகவில்லை. கைநாட்டு வைத்த அனுமதிக் கடிதத்தை ஏற்பார்களா, இல்லை சக்கர நாற்காலியில் அவரையே கடைக்கு அழைத்துப் போக வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.