யோபு 13:15: உள்ளே ஒரு 'லோ', ஓரத்தில் ஒரு 'லோ'

மாலைவாசகன்

நாங்கள் சில பேர் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து யோபுவை எபிரேயத்தில் வாசிக்கிறோம். போன வாரம் 13:15-லேயே வண்டி நின்றுவிட்டது. "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்." துக்க வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! மூலத்தில் 'அவர்மேல்' வரும் இடத்தில் லாமெத், ஆலெஃப் என்று இரண்டு எழுத்து எழுதியிருக்கிறது. அது 'லோ', அதாவது 'இல்லை'. தலைமேல் ஒரு குட்டி வட்டம். ஓரத்தில் லாமெத், வாவ் போட்டு, அடியில் கோஃப் எழுத்து. அதுவும் 'லோ'தான், ஆனால் 'அவருக்கு'. எழுதினபடி போனால் "எனக்கு நம்பிக்கை இல்லை". ஓரத்தில் சொன்னபடி போனால் நாம் மனப்பாடம் பண்ணின வசனம். கூட்டத்தில் ஒரு அம்மா, "அப்போ இத்தனை நாள் ஆறுதல் சொன்னதெல்லாம்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தாவீது_நெல்லை

இதில் குழப்பமே இல்லை பிரதர். எழுதினவர் பிழை விட்டிருப்பார், எபிரேய வேதத்தைப் படியெடுத்துக் காத்த மசோரேத்தியர் ஓரத்தில் திருத்திவிட்டார்கள். உள்ளே எழுதியிருக்கிற கெதிவை விடுங்கள், ஓரத்தில் வாசிக்கச் சொல்கிற கெரேயைப் பிடியுங்கள். எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பழைய_ஏட்டுக்காரர்

தம்பி சொல்வது பாதி சரி. ஜெப ஆலயத்தில் வாய்விட்டு வாசிக்கிறவர் கெரேயைத்தான் வாசிப்பார். ஆனால் அது 'திருத்தம்' என்றால், உள்ளே இருந்த எழுத்தை அழித்துவிட்டு மாற்றியிருக்கலாமே. ஏன் தொடவில்லை? இரண்டு மரபும் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது, இரண்டையும் காப்பாற்றினார்கள். பெரும்பாலான இடங்களில் வித்தியாசம் வெறும் எழுத்துக்கூட்டல்தான், மொழிபெயர்ப்பில் தெரியவே தெரியாது. இந்த 'லோ' மாதிரி சில இடங்கள்தான் கழுத்தைப் பிடிக்கும்.

நம் பழைய தமிழ் வேதாகமத் திருப்புதலையே பாருங்கள். சங்கீதம் 100:3-லும் இதே 'லோ' சிக்கல்தான். கெரேயின்படி "அவரே நம்மை உண்டாக்கினார், நாம் அவருடையவர்கள்" என்று வர வேண்டும். நம்மிடம் இருப்பது "நாம் அல்ல, அவரே நம்மை உண்டாக்கினார்". அது கெதிவ். யோபுவில் ஓரம், சங்கீதத்தில் உள்ளே! ஆங்கில ஜேம்ஸ் ராஜா மொழிபெயர்ப்பும் இந்த இரண்டு இடத்திலும் இதையேதான் செய்திருக்கிறது. ஆக, 'எப்போதும் கெரே' என்பது நம் வேதாகமமே கடைப்பிடிக்காத விதி.

நான் எப்படி முடிவெடுப்பேன் என்றால், அடுத்த வரியைப் பார்ப்பேன். யோபு 13:15-இன் பின்பாதி 'அக்' என்று தொடங்குகிறது. தமிழில் "ஆனாலும் என் வழிகளை அவருக்கு முன்பாக ரூபகாரப்படுத்துவேன்". அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன், 'ஆனாலும்' வழக்காடுவேன் என்றால் அந்த ஆனாலும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கிறது. நம்பிக்கை இல்லை, ஆனாலும் முகத்துக்கு நேரே வழக்காடுவேன் என்றால் கச்சிதமாக உட்காருகிறது. 19:10-இல் தேவன் தன் நம்பிக்கையை மரத்தைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கிவிட்டார் என்றும் யோபுவே சொல்கிறார். நான் கெதிவ் பக்கம். ஆனால் அடுத்த வசனத்திலேயே இரட்சிப்பைப் பற்றிப் பேசுகிறாரே என்று கெரே பக்கத்தார் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான்.

ரூத்_அக்கா

எங்களுக்கும் இதே மாதிரி ஆனது! எங்கள் வேதாகமத்தில் அடிக்குறிப்பே கிடையாது, ஓரத்தில் ஒத்த வசனங்கள் மட்டும்தான். அதைத்தானே சொல்கிறீர்கள்?

மாலைவாசகன்

இல்லை அக்கா, இது எபிரேயப் பிரதியிலேயே இருக்கிற ஓரக்குறிப்பு. 1008-ஆம் ஆண்டு வாக்கில் எழுதின லெனின்கிராட் கையெழுத்துப் பிரதியிலேயே உண்டு.

மலையடிவாரம்

எங்கள் பிரச்சினை வேறு. அச்சே இல்லாத ஒரு மலைமொழிக்கு ஒலிப்பதிவாக வேதாகமம் செய்கிறோம். அச்சிலே ஒன்றை மேலே போட்டு மற்றதை அடிக்குறிப்பில் தள்ளிவிடலாம். ஒலியில் எங்கே தள்ளுவது? யோபு 13 வந்தபோது ஊர்ப் பெரியவர்களிடம் இரண்டையும் சொல்லிக் காட்டினோம். "நம்பிக்கை இல்லை" என்றதும் ஒரு பாட்டி, "பிறகு எதற்குச் சாமிகிட்ட பேசிட்டே இருக்கான்?" என்றார். கடைசியில் கெரேயைப் பதிவு செய்தோம், பக்கத்து ஊர்ச் சபையில் தமிழில் வாசிப்பதோடு மோதக்கூடாது என்பதற்காக. அது காரணமா என்று எனக்கே உறுத்தல்தான்.

பழைய_ஏட்டுக்காரர்

உங்கள் பாட்டி கேட்டதை யூத ரபீக்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவும் சுற்றி வந்திருக்கிறது. அதன் சோட்டா பகுதி 5:5-இல் இதே வசனத்தை எடுத்துக்கொண்டு, 'அவருக்காகக் காத்திருக்கிறேன்' என்பதா, 'காத்திருக்கவில்லை' என்பதா, தராசு எந்தப் பக்கமும் சாயவில்லையே என்கிறார்கள். காதுக்கு இரண்டும் ஒரே 'லோ'தானே. பிறகு யோபு 27:5-ஐக் கொண்டுவந்து, சாகுமட்டும் தன் உத்தமத்தை விடமாட்டேன் என்று யோபு சொல்வதால் அன்பினால்தான் ஊழியம் செய்தார் என்று தீர்க்கிறார்கள். கவனியுங்கள், ஓரக்குறிப்பைக் காட்டித் தீர்க்கவில்லை, இன்னொரு வசனத்தைக் காட்டி.

தாவீது_நெல்லை

அப்படியானால் முடிவு கெரே பக்கம்தானே வந்தது ஐயா?

பழைய_ஏட்டுக்காரர்

யோபுவின் மனதைப் பற்றிய முடிவு அது. எந்த எழுத்தை யோபு நூலாசிரியர் எழுதினார் என்பது அதனால் தீராது, தம்பி.

மலையடிவாரம்

ஐயா, மறுபதிவு அடுத்த மாதம். அதிகாரத்துக்கு முன்னால் ஒரு வரி அறிமுகத்தில் மற்ற வாசிப்பைச் சொல்லிவிடலாமா? சபையார் கேட்பார்களா, தாண்டிப்போவார்களா?