புதுப்பிப்பு: 8 மி.மீ. முளைக்கு எவ்வளவு இடைவெளி?

முன்பு நான் இங்கே கேட்டது: “3டி பிரிண்ட்ல 8 மி.மீ. முளை ஒரு பக்கம் இறுக்கமா உட்காரணும், மறுபக்கம் கீல் மாதிரி சுழலணும். பிஎல்ஏ பிளாஸ்டிக், 0.4 மி.மீ. நாசில். துளையை எவ்வளவு பெரிசா வரையணும்?”

சோதனைத் தகடு அச்சடித்தாயிற்று. 6 மி.மீ. தடிமன், 8.0 முதல் 8.5 வரை 0.1 கூட்டிக்கூட்டித் துளைகள், தனியாக ஒரு முளை. 8.0-இல் நுழையவே இல்லை. 8.1 சுத்தியலால் தட்டினால்தான் போகிறது, துளை ஓரம் வெளுத்துவிட்டது. 8.2 கட்டைவிரல் அழுத்தத்தில் உட்கார்ந்தது, கவிழ்த்து உதறினாலும் விழவில்லை. 8.3 இரண்டுங்கெட்டான். 8.4 தடையில்லாமல் சுழல்கிறது.

“0.2 விடுங்க, எல்லாத்துக்கும் போதும்” என்ற நண்பர் சொன்னது பாதி சரி. அவர் கணக்கு ஒரு பக்கத்துக்கு. விட்டத்தில் அது 0.4. சுழலும் முனைக்குப் பொருந்துகிறது, இறுக்கத்துக்கு இல்லை.

துளை வாயில் 0.5 மி.மீ. சரிவு வெட்டச் சொன்னவருக்குத் தனி நன்றி. சரிவில்லாத தகட்டில் 8.3 துளைக்குள் முளை மேல்பக்கமாகப் போனது, கீழ்ப்பக்கமாக முட்டியது. முதல் அடுக்கு பிதுங்கியதன் அடையாளம் அது. நல்லவேளை, திருப்பிப் பார்த்தேன். இல்லையென்றால் இடைவெளியைத்தான் கூட்டியிருப்பேன். அப்புறம், முளையில் ஒவ்வொரு அடுக்கும் தொடங்கி முடியும் இடத்துக் கோடு புடைத்திருந்தால் அளவே பொய்யாகிவிடும். அந்த இடத்தைத் தட்டையாகச் சீவி வரைந்திருக்கிறேன்.

பாட்டில் மூடி மரை கேட்டவருக்கு: இந்த எண்கள் உதவாது, மரைக்குத் தனிச் சோதனை வேண்டும்.

8.2 பிடி வெயிலில் நிற்கும் காருக்குள் தளருமா? பிஎல்ஏ இளகும் என்கிறார்கள். பெட்ஜி பிளாஸ்டிக்கில் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.