ஸ்வேட் சோல் ஷூ ஐந்தாவது வாரத்திலேயே வழுக்குகிறது. தோல் சோலுக்கு மாறிவிடலாமா?

கேட்டவர்: புதுச்சுழல்

சல்சா கற்க ஆரம்பித்து இரண்டு மாதம் ஆகிறது. முதலில் ரப்பர் சோல் வைத்த ஓட்டப் பயிற்சி ஷூவில் ஆடினேன். திரும்பும்போது உடம்பு சுழலும், பாதம் தரையை விடாது. முழங்காலின் உள்பக்கம் வலித்தது. அதனால் ஸ்வேட் சோல் வைத்த பயிற்சி ஷூ வாங்கினேன். முதல் நான்கு வாரம் அருமை. இப்போது வகுப்பின் மரத்தரையில் வழுக்குகிறது, வலது காலில் அதிகம். வீட்டில் தினமும் இருபது நிமிடம் டைல்ஸ் தரையில் பழகுகிறேன். ஷூ தரமில்லையா? தோல் சோல் வாங்கினால் சரியாகுமா?

கால்தாளம்

ஸ்வேட் பிடிக்கும், தோல் வழுக்கும். அவ்வளவுதான். வழுக்குகிறது என்றால் உங்களுடையது ஸ்வேடாகவே இருக்காது. அடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஆடிப் பாருங்கள், பிடிக்கும்.

பழைய மரத்தரை

ஈரத்துணி வேண்டவே வேண்டாம். ஐந்து நிமிடம் பிடிப்பது போலத் தோன்றும். அப்புறம் நார்கள் ஒன்றோடொன்று படிந்து காய்ந்து, முன்பைவிட மோசமாக வழுக்கும். ஸ்வேடும் தோல்தான், அதன் உள்பக்கத்து நார் நிமிர்ந்து நிற்கிறது. அந்த நார்தான் பிடிப்பையும் சறுக்கலையும் அளவாகத் தருகிறது. வழவழப்பான தோல் சோலில் அது கிடையாது.

புதுச்சுழல், ஷூவைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். பெருவிரலுக்குக் கீழே, பாதத்தின் முன்பகுதி படும் இடத்தில் கறுப்பாகப் பளபளக்கிறதா? விரலால் தடவினால் வெல்வெட் போல இருக்கிறதா, அட்டை போல இருக்கிறதா? வலது பக்கம் திரும்புவதை எந்தக் காலில் ஆடுகிறீர்கள்? இன்னொன்று, வீட்டுத் தரையைத் துடைத்த பிறகு எவ்வளவு நேரம் கழித்து ஆடுகிறீர்கள்?

புதுச்சுழல்

காசு அளவுக்குப் பளபளப்பு இருக்கிறது, இடதிலும் உண்டு, ஆனால் சிறியது. அட்டை மாதிரிதான். வலது பக்கத் திருப்பம் எல்லாம் வலது காலில்தான். வீட்டைத் துடைத்தவுடன் ஆட ஆரம்பிப்பேன், தரை காய்ந்தும் காயாமலும் இருக்கும்.

பழைய மரத்தரை

சரி, அங்கேதான் கோளாறு. ஷூ மேல் பழி போடாதீர்கள். வீட்டுத் தூசியும் துடைத்த ஈரமும் நாருக்குள் போய் அழுந்தியிருக்கின்றன. எடை முழுதும் சுழலும் இடத்தில்தான் அது முதலில் மெழுகியதுபோல ஆகும். டைல்ஸ் இடுக்குகளும் நாரைப் பிய்க்கும்.

ஷூ நன்றாகக் காய்ந்த பிறகு, கம்பி பிரஷால் அந்தப் பளபளப்பின் மேல் சின்னச் சின்ன இழுப்பாக, ஒரே திசையில் தேயுங்கள். சாம்பல் நிறத்தில் தூசு உதிரும். அட்டை போன்ற இடம் மறுபடி மங்கலாக, கரகரப்பாக ஆனதும் நிறுத்திவிடுங்கள். வெறியோடு தேய்த்தால் சோல் மெலியும், ஓரத்தில் தைத்த நூல் அறும். வகுப்புக்கு முன் சில இழுப்புகள் போதும்.

அப்புறம் வகுப்புத் தரையில், சுவரோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் எடையை வைத்துக் கால்பங்கு வட்டம் திரும்புங்கள். முழங்காலும் பாதமும் சேர்ந்தே திரும்பினால் போதுமான சறுக்கல் இருக்கிறது. முழங்கால் முந்திப் போனால் பிடிப்பு அதிகம். பாதம் தானாக ஓடினால் பிடிப்பு குறைவு.

பாலேக்காரி

என் பாலே ஷூவின் அடி தோல், முன்னும் பின்னும் தனித்தனித் துண்டாகத் தைத்தது. பாதம் வளையும்போது அழகாகக் கூடவே வளையும். நீங்களும் அதையே வாங்குங்களேன்.

பழைய மரத்தரை

அது வேறு வேலைக்கு, அம்மா. இவருக்குச் சின்னக் குதிகால் வைத்த ஷூ. இதில் விரல்களின் அடியில் மடங்க வேண்டும், உள்ளங்கால் வளைவில் மடங்கக்கூடாது. குதிகாலையும் முனையையும் பிடித்து மெல்ல அழுத்தினால் எங்கே மடங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கால்தாளம்

ஈரத்துணி விஷயத்தில் என் தவறு. ஆனால் மரத்தரை ஒட்டினால் தோல் சோல் நல்லது என்பது உண்மைதானே?

பழைய மரத்தரை

உண்மைதான். வார்னிஷ் ஒட்டும் தரை, வினைல் தரை ஆகியவற்றில் தோல் நிம்மதி. மெருகேற்றிய மரத்தில் புதியவர்களுக்கு நான் தரமாட்டேன். தரையில் பவுடர் தூவும் பழக்கமும் வேண்டாம், அடுத்தவர் விழுவார். டைல்ஸுக்கு எது சிறந்தது என்பதில் எங்கள் வகுப்பிலேயே சண்டை. வீட்டில் பழைய ரப்பர் ஷூவில் அடிவைப்பு மட்டும் பழகச் சொல்வேன், திருப்பங்கள் வேண்டாம். சிலர் தோலில்தான் பழகுகிறார்கள்.

புதுச்சுழல்

பிரஷ் போட்டேன். வலது கால் பிடிக்கிறது, இடதை விட்டுவிட்டேன் போல, அது மட்டும் இன்னும் ஓடுகிறது. நாளைக்கு அதையும் தேய்க்கிறேன்.