கேட் மூடியிருந்தால் நிற்பதா, சுற்றிப் போவதா?

அந்தப்பக்கத்துவாசி:
தாம்பரம் - செங்கல்பட்டு தடத்தில் ஒரு ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் தினமும் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வர வேண்டும். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரைக்குள் எப்போது போனாலும் மூடியிருக்கிறது. சில நாள் கால் மணி நேரம்கூட ஆகிறது. மேம்பாலம் வழியாகச் சுற்றினால் நாலு கிலோமீட்டர் கூடுதல். நடுவில் ஒரு சுரங்கப்பாதையும் உண்டு. பைக்கில் போகிறேன். எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

சீக்கிரம்_வா:
யோசிக்கவே வேண்டாம், தினமும் மேம்பாலம். நாலு கிலோமீட்டர் என்றால் அந்த நேரத்து டிராபிக்கில் பத்துப் பன்னிரண்டு நிமிடம். அது மாறாது. அலுவலகத்தில் பஞ்ச் வைக்கிறவனுக்கு வேண்டியது குறைந்த நேரம் இல்லை, தெரிந்த நேரம். கேட்டில் நின்றால் நாலு நிமிடமா இருபது நிமிடமா என்று யாரால் சொல்ல முடியும்?

பிளாட்பாரம்:
தினமும் எட்டு கிலோமீட்டர் வீண், போக நாலு வர நாலு. பெட்ரோலை யார் தருவது? நான் கிளம்பும் முன் ரயில்வேயின் NTES ஆப்பைப் பார்த்துவிடுவேன், எந்த வண்டி எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும். கேட்டுக்குப் போனதும் சிக்னலைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் வண்டி வரவில்லை, சீக்கிரம் திறப்பார்கள். பச்சை என்றால் காத்திருக்க வேண்டும்.

ஓய்வு_எஸ்எம்:
தம்பி, பாதி சரி. NTES-இல் பயணிகள் வண்டி தெரியும், சரக்கு வண்டி தெரியாது. நீண்ட நேரம் மூட வைப்பது பல நாள் அதுதான். சிக்னல் விஷயம் வேறு. கேட்டைக் காக்கும் சிக்னல், வருகிற ரயிலைப் பார்த்து நிற்கும். ரோட்டில் நிற்கிற உங்களுக்குத் தெரிவது அதன் முதுகு. நீங்கள் முகம் பார்க்கிற சிக்னல் கேட்டைத் தாண்டி அடுத்ததற்கு உரியது. அதை வைத்துக் கேட்டைக் கணிக்க முடியாது.

சிக்னலோடு இன்டர்லாக் செய்த கேட்டில் கேட் முழுதாகப் பூட்டினால்தான் வண்டி வரலாம் என்று சிக்னல் விழும். சிக்னல் கொடுத்த பிறகு வண்டி போய் முடியும்வரை கேட்மேன் நினைத்தாலும் திறக்க வராது. ஒரு வண்டி போய்விட்டது, ஏன் திறக்கவில்லை என்று அவரிடம் சண்டை போடுவார்கள். அதற்குள் எதிர்த்திசை வண்டிக்கும் சிக்னல் கொடுத்தாகியிருக்கும். இந்தத் தடத்தில் இப்போது மூன்றாவது லைனும் இருக்கிறது. தென்மாவட்ட இரவு வண்டி ஒன்று தாமதமாகி, காலை லோக்கல்களுக்கு நடுவே வந்து விழுந்தால் இரண்டு மூன்று வண்டிக்குச் சேர்த்து ஒரே மூடல்தான். அதனால் NTES-இல் எல்லா வண்டியையும் தேட வேண்டாம். வழக்கமாக முன்னாலேயே போய்விடுகிற இரவு வண்டிகளில் எது தாமதம் என்று மட்டும் பாருங்கள். தாமதம் என்றால் அன்று வீட்டிலிருந்தே மேம்பாலம்.

மனு_போடுவோம்:
சுற்று வழி தேடிக்கொண்டே இருந்தால் பாலம் வரவே வராது. ஒரு நாளில் போகிற ரயில் எண்ணிக்கையையும் வாகன எண்ணிக்கையையும் பெருக்கி ஒரு லட்சத்தைத் தாண்டினால் மேம்பாலம் கேட்கலாம். கணக்கெடுத்து எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

அந்தப்பக்கத்துவாசி:
சார், மனு கொடுப்போம், மறுக்கவில்லை. நாளைக் காலை எட்டரைக்கு நான் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

வேன்_அக்கா:
நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், எங்கள் பக்கம் வேறு கேட். சுரங்கப்பாதையை நம்பி வழி அமைக்காதீர்கள். எங்கள் சுரங்கப்பாதையில் என் வேன் மேலே இடிக்கும். முன்னால் இருக்கிற இரும்புச் சட்டத்தில் எழுதியிருக்கிற உயரத்தைப் பார்க்காமல் ஒரு டெம்போ போய் மாட்டி, அன்று இரண்டு பக்கமும் அடைத்தது. பிள்ளைகளோடு அரை மணி நேரம் நின்றேன். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் வேறு.

பிளாட்பாரம்:
அக்கா, அவர் பைக். உயரம் அவருக்குப் பிரச்சினை இல்லை.

வேன்_அக்கா:
மாட்டின டெம்போவுக்குப் பின்னால் பைக்கும்தான் நின்றது. தண்ணீரும் பைக்கைப் பார்த்து ஒதுங்காது. மோட்டார் வைத்து இறைக்கிறார்கள், கரண்ட் போனால் அதுவும் நிற்கும். உள்ளே இறங்கிய பிறகு ஆழம் தெரியாது. சுவரில் அளவுக்கோடு இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் முன்னால் போகிற வண்டியின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

ஓய்வு_எஸ்எம்:
அந்தப்பக்கத்துவாசி, ஒன்று கேட்கிறேன். மேம்பாலத்துக்குத் திரும்புகிற இடம் கேட்டிலிருந்து எவ்வளவு தூரம்?

அந்தப்பக்கத்துவாசி:
சுமார் அரை கிலோமீட்டர். ஒரு மெடிக்கல் ஷாப் முனை. சுரங்கப்பாதைக்கும் அங்கேதான் பிரியும்.

ஓய்வு_எஸ்எம்:
அப்படியென்றால் முடிவு அந்த முனையில்தான். கேட் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இரண்டு நஷ்டமும் உங்களுக்கே. கேட் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இரண்டு அடையாளம் போதும்.

முதலாவது எதிர்ப்பக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து காரும் ஆட்டோவும் மொத்தமாகக் கும்பலாக வந்தால் கேட் இப்போதுதான் திறந்திருக்கிறது. எதிரே ஒன்றுமே வராமல் ரோடு காலியாக இருந்தால் மூடி நேரமாகிவிட்டது. இரண்டாவது வரிசையின் வால் எங்கே நிற்கிறது என்பது. ஒருமுறை திறக்கும்போது எதுவரை நிற்கிற வண்டி தாண்டுகிறது என்று கவனித்துவிட்டால் போதும். எங்கே வெட்டுப்படுகிறதோ அங்கே ஒரு கடையையோ கம்பத்தையோ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப்பக்கத்துவாசி:
அது எனக்கே தெரியும், ரேஷன் கடை. அதற்கு முன்னால் நிற்கிறவர்கள் ஒரே திறப்பில் போய்விடுகிறார்கள். பின்னால் நிற்கிறவர்கள் மறுபடி மூடுவதில் மாட்டுகிறார்கள்.

ஓய்வு_எஸ்எம்:
அப்புறம் கணக்கு எளிது. மூடல் பன்னிரண்டு நிமிடம், பிறகு நாலு நிமிடத் திறப்பு என்று வைப்போம். வால் ரேஷன் கடைக்கு முன்னாலேயே முடிந்தால் மோசமான நாளில் பன்னிரண்டும் மேலே ஒன்றிரண்டும். பல நாள் அதில் பாதி ஏற்கனவே ஓடியிருக்கும், மேம்பாலத்தைவிட லாபம். வால் கடையைத் தாண்டிவிட்டால் முதல் மூடலின் மிச்சத்தோடு நாலு நிமிடத் திறப்பும் அடுத்த மூடலும் முழுதாகச் சேரும். பாதி மிச்சம் என்றாலே இருபத்திரண்டு. பத்து நிமிட மேம்பாலத்தைத் தேட வேண்டிய நாள் அது.

சீக்கிரம்_வா:
ஐயா, அந்த நாலு நிமிடத்தில் இரண்டு நிமிடம் முட்டிக்கொண்டு நிற்பதிலேயே போகிறது. இந்தப் பக்கம் ரோட்டின் இரண்டு பாதியையும் அடைத்து நிற்கிறார்கள், அந்தப் பக்கமும் அப்படியே. திறந்ததும் நேருக்கு நேர் பூட்டிக்கொள்கிறது. ஒரு நாள் ரேஷன் கடை, ஒரு நாள் அதற்குப் பாதி தூரம். உங்கள் அடையாளமே நகர்கிறது.

ஓய்வு_எஸ்எம்:
நியாயம். வலது பாதியில் வண்டி ஏறி நின்றிருந்தால் கடையை விட்டுவிட்டு அதில் பாதி தூரத்தை எல்லையாக வையுங்கள். இன்னொன்று, மூடப்போகும்போது முந்துகிறவர்களால் கேட்மேனால் மூட முடியாது. மூடாவிட்டால் சிக்னல் விழாது, வண்டி வெளியே நிற்கும். பின்னால் வருவது நெருங்கிவிடும், பிறகு இரண்டுக்கும் சேர்த்து மூடுவார்கள். அரை நிமிடம் மிச்சம் பிடித்தவருக்காக மற்றவர்கள் கால் மணி நேரம் நிற்கிறார்கள்.

பிளாட்பாரம்:
பைக்கைச் சாய்த்து குனிந்து நுழைகிறவர்கள் இந்தக் கணக்கெல்லாம் போடுவதில்லை. ஒன்றும் ஆகவில்லையே.

ஓய்வு_எஸ்எம்:
அப்படிச் சொல்லாதே தம்பி. மூன்று லைனில், போய்க்கொண்டிருக்கிற ரயில் அடுத்த லைனில் வருவதை மறைக்கும். அதன் சத்தம் இதன் ஹாரனையும் மூழ்கடிக்கும். மூடிய கேட்டைத் தானாகத் திறந்தால் ரயில்வே சட்டம் 1989, பிரிவு 160-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை, உடைத்தால் ஐந்து ஆண்டு வரை. நான் அதற்காகச் சொல்லவில்லை. தண்டவாளத்தில் கிடந்தவர்களைத் தூக்கிய ஊழியர்களோடு வேலை பார்த்தவன் நான்.

அந்தப்பக்கத்துவாசி:
நாளை முதல் மெடிக்கல் முனையில் முடிவு செய்கிறேன். மழைக்காலத்தில் சுரங்கப்பாதையை விட்டுவிட்டால் மேம்பாலத்தில் கூட்டம் ஏறுமே, அப்போதும் பத்து நிமிடம்தானா?

சீக்கிரம்_வா:
மழை நாளில் பத்து நிமிடம் இல்லை, இருபது ஆகும். ஆனாலும் நான் மேம்பாலம்தான்.

வேன்_அக்கா:
மழை நாளில் நான் இருபது நிமிடம் முன்னாலேயே கிளம்புகிறேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.