மோட்டார் போட்டால் லைட் மங்குகிறது, உங்கள் வீட்டிலும் உண்டா?

கிணற்றடி
சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 1 எச்பி மோட்டார் வைத்திருக்கிறோம். சுவிட்சைப் போட்ட நொடி ஹால் லைட்டும் படிக்கட்டில் இருக்கும் பழைய குண்டு பல்பும் சட்டென்று மங்கி, உடனே நிமிர்ந்துவிடும். ஆனால் மோட்டார் ஓடி முடிகிற வரை குண்டு பல்பு கொஞ்சம் மஞ்சளாகவே எரிகிறது. சமையலறையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை. ஈபி ஆபீசில் எழுதிக் கொடுக்கலாமா?

மணி_திருச்சி
கபாசிட்டர் போயிருக்கும், மாற்றுங்கள். எங்கள் மோட்டார் உம்மென்று உறுமிக்கொண்டு கிளம்பவே யோசிக்கும், அதுவரை வீடே இருட்டும். கபாசிட்டர் மாற்றினோம், சரியாகிவிட்டது.

பழைய ஒயர்மேன்
மணி சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது எடுப்பதைப் போல ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கும். 1 எச்பி ஓட 7 ஆம்பியர் என்றால் கிளம்ப 35 பக்கம் போகும். நல்ல மோட்டார் ஒரு நொடிக்குள் வேகம் பிடித்துவிடும், கபாசிட்டர் தளர்ந்தால் அந்த இழுப்பு நீளும். ஆனால் கிணற்றடி வீட்டில் மோட்டார் ஓடும்போதும் மங்கல் இருக்கிறதே, அது கபாசிட்டர் கதை இல்லை.

ஒயருக்கும் கொஞ்சம் தடை உண்டு. கரண்ட் போகப் போக வோல்டேஜில் ஒரு பகுதியை ஒயரே தின்றுவிடும், மிச்சம்தான் பல்புக்கு. குண்டு பல்பில் வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விடும், அதனால்தான் கண்ணுக்கு உடனே தெரிகிறது.

சமையலறை மங்கவில்லை என்றீர்களே, அதுதான் துப்பு. வெளியிலிருந்து வரும் லைனிலோ மெயினிலோ கோளாறு என்றால் சமையலறையும் சேர்ந்து மங்கியிருக்கும். மோட்டாரும் ஹாலும் படிக்கட்டும் ஒரே ஒயரில் இருக்க வேண்டும். ஈபிக்குப் போக வேண்டாம். தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மோட்டார் ஓடும்போது மெயினிலும் மோட்டார் சுவிட்சு பெட்டியிலும் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள்.

செல்வி அக்கா
எங்கள் வீட்டில் மோட்டார் போட்டால் மாடி அறை லைட் இன்னும் பளிச்சென்று எரிகிறது. நல்லதுதானே? மூன்று பேஸ் வீடு.

பழைய ஒயர்மேன்
அக்கா, நல்லதே இல்லை! நியூட்ரல் எங்கேயோ லூஸ். மோட்டார் இருக்கும் பேஸில் வோல்டேஜ் இறங்கி, அது அடுத்த பேஸில் ஏறுகிறது. முழுசாக விட்டுப்போனால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் புகையும். மெயினை இறக்கிவிட்டு இன்றைக்கே ஈபிக்குச் சொல்லுங்கள், உள்ளே ஆள் வைத்தும் பார்க்க வேண்டும்.

கிணற்றடி
பார்த்தாயிற்று. மோட்டார் ஓடும்போது மெயினில் 226, மோட்டார் பெட்டியில் 219. கிளாம்ப் மீட்டர் 7 ஆம்பியர் காட்டியது. ஒயர் 1.5 ஸ்கொயர் காப்பர், மெயினிலிருந்து சுமார் 30 மீட்டர். கிளம்பும் நொடியை மீட்டரால் பிடிக்க முடியவில்லை, எண் ஓடிப்போகிறது.

பழைய ஒயர்மேன்
போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். 1.5 ஸ்கொயரில் அது 0.7 ஓம் வரும், 7 ஆம்பியருக்கு 5 வோல்ட் போகும். உங்களுக்கு 7 போகிறது. மிச்ச 2 வோல்ட் ஏதோ ஒரு ஜாயின்ட்டில் தங்குகிறது. 2 வோல்ட்தானே என்று விடாதீர்கள், 7 ஆம்பியரில் அது 14 வாட், அத்தனை சூடும் ஒரே புள்ளியில்.

கிணற்றடி
படிக்கட்டு ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தோம். வெறும் கையால் முறுக்கிய ஜாயின்ட், டேப் கருகி ஒயரோடு ஒட்டிக் கிடந்தது. வெட்டிவிட்டுக் கனெக்டர் போட்டதும் மோட்டார் பெட்டியில் 221. கிளம்பும்போது மட்டும் இன்னும் மங்குகிறது. ஸ்டெபிலைசர் வைத்தால் போகுமா?

பழைய ஒயர்மேன்
போகாது. மோட்டாருக்கு வோல்டேஜை ஏற்றிக் கொடுக்க அது அதே ஒயரில் இன்னும் அதிகக் கரண்டைத்தான் இழுக்கும். மெயினிலிருந்து மோட்டாருக்குத் தனியாக 4 ஸ்கொயர் இழுத்து, தனி எம்சிபி போடுங்கள். 35 ஆம்பியரில் இப்போது 25 வோல்ட் விழுகிறது என்றால் அதில் 10க்குள் நிற்கும், அதுவும் லைட் ஒயரில் இல்லை.

வயக்காடு
டவுன்காரர்களுக்கு அது சரி. எங்கள் வீடு லைனின் கடைசிக் கம்பத்தில். சாயந்தரம் 180க்கு மேல் ஏறாது, பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போட்டாலே எங்கள் லைட் மங்கும். ஸ்டெபிலைசர் இல்லாமல் ஃபிரிட்ஜ் ஓடாது.

பழைய ஒயர்மேன்
உங்கள் கதை வேறு. ட்ரான்ஸ்பார்மரிலிருந்து வரும் லைனிலேயே விழுகிறது, வீட்டு ஒயரை மாற்றிப் பயனில்லை. ஃபிரிட்ஜுக்கு வைத்திருப்பது இருக்கட்டும்.

மணி_திருச்சி
எல்இடி பல்பு போட்டால் பிரச்சினையே தெரியாதே?

கிணற்றடி
ஹாலில் எல்இடிதான் மணி, ஒன்று மங்குகிறது, பக்கத்தில் வேறு கம்பெனி பல்பு அசையவே இல்லை. அது ஏன் என்று யாராவது சொல்லுங்கள்.