அம்மாவுக்குக் கலப்பு இன்சுலினிலிருந்து மாற்றம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். பினாங்கில் இருக்கிறோம். அம்மாவுக்கு இனிப்புநீர், காலையிலும் இரவிலும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு 30/70 கலப்பு இன்சுலின் போடுகிறார். காலை ஊசியில் 30 பங்கு, பசியாறியதைக் கவனித்துக்கொள்ளும். மீதி 70 பங்கு மெதுவாகக் கிளம்பி, 4 மணி நேரத்துக்குப் பிறகுதான் உச்சத்துக்கு வரும். அப்போது வயிற்றில் சோறு இருந்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் மதியச் சாப்பாடு தள்ளிப்போனால் வியர்த்து, கை நடுங்குகிறது. போன வாரம் 1.30 மணிக்கு இரத்தச் சீனி 3.4 mmol/L காட்டியது. சீனித் தண்ணீர் கொடுத்து 15 நிமிடம் கழித்துப் பார்த்தோம், 4.6.

டாக்டர் மாற்றலாம் என்கிறார். இரவில் கிளார்கின், அது பெரிய உச்சம் இல்லாமல் ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். மூன்று வேளைக்கும் அஸ்பார்ட். 10–20 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, 1–3 மணி நேரத்தில் உச்சம். சாப்பாடு தள்ளினால் அந்த ஊசியும் தள்ளும். எனக்கு இது சரியென்றே படுகிறது, ஆனால் நாளுக்கு நான்கு ஊசி என்று அம்மா தயங்குகிறார்.

இப்படி மாறியவர்கள் சொல்லுங்கள்: மதியம் தாழ்வது நின்றதா? பாதிச் சோற்றோடு எழுந்துவிடும் நாட்களில் அஸ்பார்ட்டைச் சாப்பிட்டு முடித்தவுடன் போட உங்கள் டாக்டர் அனுமதித்தாரா? அளவை டாக்டரிடமே கேட்டுக்கொள்வேன்.