சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ்: படை மேகத்துக்கு வேறு சொல் உண்டா?

கயல்விழி, திருநெல்வேலி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகச் சுவரில் மாட்டப் பெரிய மேகப் படம் ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற கீற்று, திரள், படை என்ற பெயர்களையே எழுதி ஒரு மாதிரியைத் தொங்கவிட்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால், படை மேகத்துக்குக் கீழே பென்சிலால் குதிரை வீரர்கள் வரிசையாக நிற்கிறார்கள். வரைந்தவன் ஏழாம் வகுப்புப் பையன். கேட்டதற்கு, "படைன்னா போர்ப்படைதானே அக்கா?" என்றான். அவன் மேல் குற்றமே இல்லை. அடுக்கு என்ற பொருளில் "படை" என்று நம் வீடுகளில் யார் இப்போது சொல்கிறார்கள்?

அச்சுக்குப் போக இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. லத்தீன் பெயர்கள் நேர்ப்பொருளில் எதைச் சொல்கின்றன என்று தெரிந்தால், இந்த மூன்றில் எதை மாற்றலாம், எதை விடலாம் என்று முடிவெடுக்க வசதியாக இருக்கும்.

இளங்கோ, கோவை

கயல், இது எளிது. சிர்ரஸ் என்றால் இறகு. ஜெர்மன்காரர்கள் அந்த மேகத்தை இறகு மேகம் என்றுதான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைக்கலாம். கீற்று என்றால் எனக்குத் தென்னங்கீற்றுதான் கண்ணில் வருகிறது. குமுலஸ் குவியல். ஸ்ட்ராடஸ் அடுக்கு, பாறை அடுக்குக்குச் சொல்லும் ஸ்ட்ராட்டம்தான் அது. எனவே இறகு மேகம், குவியல் மேகம், அடுக்கு மேகம். முடிந்தது.

பவானி, யாழ்ப்பாணம்

வணக்கம். எங்கள் பாடநூல்களில் முகில் என்றுதான் வரும். முகில் என்பது பழைய, அழகான தமிழ்ச் சொல். முதலில் மேகமா முகிலா என்பதைத் தீர்த்துவிட்டு மற்றதைப் பேசுவது நல்லது.

கயல்விழி

பவானி அக்கா, முகில் எனக்கும் பிடித்த சொல். ஆனால் என் கேள்வி அதற்கு முன்னால் வரும் பாதியைப் பற்றியது. "படை முகில்" என்று எழுதினாலும் அந்தப் பையன் குதிரையைத்தான் வரைவான்.

மாணிக்கம், சென்னை

தம்பி இளங்கோ சொன்னதில் பாதி சரி. முப்பது வருடத்துக்கு மேல் வானிலை நிலையங்களில் மேகம் பார்த்துக் குறிப்பெழுதியவன் என்ற முறையில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்தப் பெயர்களை வைத்தவர் லூக் ஹோவர்ட். லண்டனில் மருந்து தயாரிக்கும் தொழில் செய்தவர். 1802 டிசம்பரில் நண்பர்கள் கூடிய ஒரு சிறு அறிவியல் சங்கத்தில் இதைப் படித்தார், அடுத்த வருடம் அச்சில் வந்தது. சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராடஸ், மழை மேகத்துக்கு நிம்பஸ் என நான்கு சொற்கள். இவற்றை ஒன்றோடொன்று கோத்து மற்ற பெயர்களைச் செய்தார்.

சிர்ரஸ் என்றால் மயிர்ச்சுருள். நெற்றியில் சுரிந்து விழும் முடிக்கற்றை. துணி ஓரத்துக் குஞ்சத்துக்கும், பறவையின் தலையில் நிற்கும் கொண்டைக்கும் அதே சொல்லைச் சொன்னார்கள். இறகு அங்கே ஓரமாக வருகிறதே தவிர, சொல்லின் நடுப்பொருள் முடிதான். ஜெர்மானியர் சொல்வது அவர்களே வைத்துக்கொண்ட பெயர், லத்தீனின் மொழிபெயர்ப்பு அல்ல.

ஸ்ட்ராடஸ் பெயர்ச்சொல்லாகப் பிறந்ததே அல்ல. விரி, பரப்பு என்று பொருள்படும் ஸ்டெர்னெரே என்ற வினையிலிருந்து வந்த எச்சம் அது. "விரிக்கப்பட்டது" என்பதுதான் நேர்ப்பொருள். கல் பாவிய சாலையையும் ரோமானியர் அப்படித்தான் சொன்னார்கள், ஆங்கில ஸ்ட்ரீட் அதிலிருந்து வந்தது. தம்பி சொல்லும் ஸ்ட்ராட்டம் இதே சொல்லின் இன்னொரு வடிவம். ஆனால் அடுக்கு என்றால் ஒன்றின் மேல் ஒன்று இருக்க வேண்டும். ஹோவர்ட் ஒன்றின் மேல் ஒன்றை நினைக்கவில்லை. தரையோடு பரந்து, கீழிருந்து வளரும் ஒற்றை விரிப்பைத்தான் நினைத்தார். மாலையில் காற்று அடங்கியதும் பள்ளத்தாக்கில் தவழும் மூடுபனியையும் ஸ்ட்ராடஸ் கணக்கில்தான் சேர்த்தார், அதை இரவின் மேகம் என்றே எழுதினார். இன்று மூடுபனியைத் தனியாகக் குறிக்கிறோம்.

குமுலஸ் குவியல்தான், அதில் சண்டை இல்லை.

செந்தில், குன்னூர்

ஐயா எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. டிசம்பர், ஜனவரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் காலை ஆறு மணிக்குக் கீழே பள்ளத்தாக்கு தெரியாது. வெள்ளையாக ஒரே மட்டத்தில் கிடக்கும். எதிர்ச் சரிவில் உயரமான சில்வர் ஓக் மரங்களின் உச்சி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஏழரைக்கு வெயில் பட்டதும் ஓரங்கள் கிழிந்து துண்டு துண்டாக மேலே ஏறும். அம்மா அதை "மஞ்சு படர்ந்திருக்கு" என்பார். அடுக்கு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அப்போது "படர்மேகம்" சரியாக வருமா?

பவானி

நல்லாயிருக்கு. பாய் விரித்த மாதிரி என்று நாங்களும் சொல்வோம். ஆனால் "படர்" தனியே பெயர்ச்சொல்லாக நிற்காதே. சிர்ரோஸ்ட்ராடஸ் வந்தால் "கீற்றுப்படர்" என்றா எழுதுவது? கடைசியில் நிற்கும் சொல் பெயராக இருக்க வேணும்.

முத்துலட்சுமி, தஞ்சாவூர்

நான் விவசாயம் பார்க்கிறவள், பெயர் வைப்பதில் எனக்குக் கருத்து இல்லை. ஒரு சந்தேகம் மட்டும். நேற்று ராத்திரி நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டிருந்தது. "அகல் வட்டம் பகல் மழை" என்பார்கள். நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்சலாமா, மழை வருமா? அது இந்த மூன்றில் எந்த மேகம்?

மாணிக்கம்

அம்மா, அந்த வட்டம் சிர்ரோஸ்ட்ராடஸ் போட்டது. கையை முழுக்க நீட்டி விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியை நிலா மேல் வைத்துப் பாருங்கள். சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய வட்டத்தில் போய் நிற்கும், அது 22 பாகை. மேகத்தில் இருக்கும் பனிப்படிகங்கள் ஒளியை வளைப்பதால் அந்த அளவு மாறாது. நிலாவை ஒட்டியே சின்னதாக, நிறம் கலந்து தெரிந்தால் அது நீர்த்துளி மேகம், கதை வேறு. பெரிய மழைத் திரட்சிக்கு முன்னால் இந்த மேகம் வருவதுண்டு, வந்து கலைந்து போவதும் உண்டு. வட்டத்தை மட்டும் நம்பித் தண்ணீரை நிறுத்த வேண்டாம். இன்று மேகம் கனத்து, சூரியன் மங்கிப்போய், வட்டமும் மறைந்தால் அப்போது யோசியுங்கள்.

அப்புறம் கீற்று பற்றி. நேர்ப்பொருள் பார்த்தால் "சுரிமேகம்" அல்லது "சுருள் மேகம்" என்று வர வேண்டும். ஆனாலும் கீற்றை மாற்ற வேண்டாம் என்பேன். பெயருக்கு முடிச்சுருளை எடுத்த ஹோவர்ட், விளக்கம் எழுதும்போது இணையாகவோ, நெளிந்தோ, விரிந்தோ போகும் இழைகள் என்றுதான் எழுதினார். நான் பார்த்த சிர்ரஸில் பாதிக்கு மேல் சுருளவே சுருளாது, நேராகக் கோடு கிழித்த மாதிரி இருக்கும். சுருள்வது ஒரு வகை மட்டும். மேலே சின்னக் கொத்தாகப் பனிப்படிகங்கள் உண்டாகி விழத் தொடங்கும். கீழே காற்று மெதுவாக வீசினால், விழுகிற படிகங்கள் பின்தங்கி வால்போல நீளும், தலை முன்னால் போய்விடும். தரையிலிருந்து பார்த்தால் கொக்கி மாதிரி தெரியும். அதற்கு லத்தீனிலும் கொக்கி என்ற பொருளில்தான் தனியடை இருக்கிறது. ஆகவே "கொக்கிக் கீற்று" என்றால் போதும். ஒளிக்கீற்று என்று சொல்கிறோமே, அந்தக் கீற்று இது. தென்னை ஓலை நினைவுக்கு வந்தாலும் கெடுதல் இல்லை, அதுவும் இழை இழையாகத்தானே இருக்கிறது.

இளங்கோ

ஐயா, இறகை விட்டுவிடுகிறேன். கொண்டையை நான் முழு இறகாக எடுத்துக்கொண்டேன். ஆனால் குவியலை விடமாட்டேன். குமுலஸ் குவியல் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், பிறகு ஏன் திரள்? வெண்ணெய் திரளும், கூட்டம் திரளும். அதில் குவிந்த வடிவம் எங்கே?

மாணிக்கம்

நியாயமான கேள்வி. களத்தில் நெல்லைக் கொட்டினால் அடி தட்டையாக, மேலே கூம்பாக நிற்கும். குமுலஸ் அச்சு அசல் அதுதான். அந்தத் தட்டை அடிக்குக் காரணம் உண்டு. மேலே போகும் காற்று குளிர்ந்து, நீராவி துளியாகத் தொடங்கும் உயரம் அது. தரையில் வெப்பம் 33 பாகை, பனிப்புள்ளி 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 8, ஒரு பாகைக்குச் சுமார் 125 மீட்டர், எனவே அடிப்பகுதி ஏறக்குறைய 1000 மீட்டரில் இருக்கும். அக்கம்பக்கத்துத் திரள்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்ட மாதிரி நிற்பது அதனால்தான். குவியல் என்ற சொல்லில் இந்தத் தரை இருக்கிறது, திரளில் இல்லை, அது உண்மை.

ஆனால் குவியலை ஒருவர் குவிக்க வேண்டும். மேகம் தானாகக் கூடி வருகிறது. "திரண்டு வருது" என்று மழைக்கு முன்னால் யாரும் சொல்லித்தராமலே சொல்கிறோம். அந்த வினை நமக்குக் கிடைத்த வரம், அதை நான் விடமாட்டேன்.

கயல்விழி

கீற்றும் திரளும் இருக்கட்டும். இளங்கோ அண்ணா மன்னிக்க வேண்டும்.

படைக்குப் பதிலாக எனக்கு ஒரு சொல் தோன்றுகிறது: படலம். புகைப்படலம், பனிப்படலம், ஓசோன் படலம் என்று தினமும் சொல்கிறோம், பிள்ளைகளுக்கும் தெரியும். செந்தில் அண்ணா சொன்ன படர்தல் காதில் ஒலிக்கிறது, பவானி அக்கா கேட்டபடி பெயர்ச்சொல்லாகவும் நிற்கிறது. கோத்துப் பார்த்தேன்: கீற்றுப்படலம், படலத்திரள், மழை மேகத்தோடு சேர்ந்தால் கார்ப்படலம். முத்துலட்சுமி அம்மா பார்த்த நிலா வட்டத்துக்குக் கீற்றுப்படலம் அப்படியே பொருந்துகிறது. நிலாவை மறைக்காமல் மேலே போர்த்திய மெல்லிய துணிதானே அது.

இளங்கோ

கீற்றுப்படலம் அருமை. ஆனால் படலம் என்றால் மெல்லியது. கார்ப்படலம் அப்படியா? நாள் முழுக்கச் சூரியனை மறைத்துப் பெய்கிற மேகம் பல கிலோமீட்டர் கனம் இருக்குமே. இன்னொன்று, கம்பராமாயணம் படித்தவர்களுக்குப் படலம் என்றால் நூலின் பகுதி.

மாணிக்கம்

கனம் பற்றிச் சொன்னது சரிதான், எனக்கும் அங்கேதான் இடிக்கிறது. அதைவிட எனக்குக் கவலை வேறு. பாடப்புத்தகத்தில் படை என்று படித்துத் தேர்வு எழுதும் பிள்ளை, நூலகத்தில் படலம் என்று பார்த்தால் குழம்பும். இங்கிலாந்திலும் இது நடந்தது. ஹோவர்டின் லத்தீன் வேண்டாம் என்று தாமஸ் ஃபார்ஸ்டர் நாட்டுச் சொற்களில் பெயர் செய்தார். சிர்ரஸுக்குச் சுருள் மேகம், குமுலஸுக்கு வைக்கோற்போர் போலக் குவிந்த மேகம், ஸ்ட்ராடஸுக்கு மட்டும் விழும் மேகம். பரந்து கிடக்கிற ஒன்றை அவர் விழுவதாகப் பார்த்தார். பெயர்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் நிலைக்கவில்லை.

கயல்விழி

அப்படியானால் படத்தில் படலம் என்று பெரிதாகவும், பாடப்புத்தகத்தில் படை என்று இருப்பதைக் கீழே சின்ன எழுத்திலும் போடுகிறேன். கார்ப்படலத்தை மட்டும் இன்னும் எழுதவில்லை, கனத்தையும் காட்டுகிற சொல் கிடைக்குமா என்று வெள்ளிக்கிழமை வரை பார்க்கிறேன். செந்தில் அண்ணா, நீங்கள் சொன்ன காலைப் பள்ளத்தாக்கை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? அந்த மர உச்சிகள் தெரிய வேண்டும்.

செந்தில்

நாளைக் காலை எடுக்கிறேன். இன்று மஞ்சு இல்லை, காற்று அடிக்கிறது.